வரைபு சொல்லாததை அதன் வாயில் திணிக்காதீர்கள்

"சனத்துக்கு இப்ப பொறுமை இல்லை." காணொளி செய்கிற ஆக்கள் நாலு பேர் கூடினால் இந்த வசனம் எப்படியும் வந்துவிடும். ஆதாரம் கேட்டால் கைபேசியை நீட்டி யூடியூப் ஸ்டூடியோவில் இருக்கிற Audience retention வரைபைக் காட்டுவார்கள். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிகிற ஒரு கோடு. "பாத்தியளா, அய்யா கதைக்கிற இடத்தில எத்தினை பேர் இருக்கினம் எண்டு? வெட்டுங்கோ." அதோடு அய்யாவின் பேச்சு போய்விடும். அந்த இடத்துக்கு ஒரு ட்ரோன் காட்சி வரும், கீழே ஒரு இசை ஓடும்.

நாங்கள் வரைபுக்கு எதிரானவர்கள் அல்ல. அதை வாசிக்கத் தெரியாமல் அதன் பெயரால் வெட்டுகிற பழக்கத்துக்குத்தான் எதிரானவர்கள். அந்தக் கோடு சொல்வது ஒன்றே ஒன்று: காணொளியின் இந்தக் கணத்தை, மொத்தப் பார்வைகளில் எத்தனை வீதம் பார்த்திருக்கிறது. ஏன் போனார்கள் என்பதை அது சொல்வதில்லை. அந்த 'ஏன்' முழுக்க நாங்கள் போடுகிற ஊகம். ஊகத்தைப் போட்டுவிட்டு "டேட்டா சொல்லுது" என்று சொல்வது நேர்மையான வேலை இல்லை.

விளங்குவதற்காக ஒரு காணொளியைக் கற்பனை செய்வோம். கரைவலைத் தொழில் பற்றிய 12 நிமிட ஆவணப்படம், 400 பார்வைகள். முதல் 25 செக்கன் ட்ரோனில் கடற்கரையும் குழுவின் இலச்சினையும். பிறகு வலை இழுப்பு. முன்பு கையால் இழுத்த வலையை இப்போது ட்ரக்டரில் பூட்டிய விஞ்ச் இழுக்கிறது. முதிய தொழிலாளி ஒருவர் அதைப் பற்றிக் கதைக்கிறார். "இண்டைக்கு ஒரு ஆளுக்கு எவ்வளவு பங்கு வரும்?" என்ற கேள்வி தொடக்கத்திலேயே கேட்கப்படுகிறது. 4:50 இல் அவர் தொகையைச் சொல்கிறார். 5:00 இல் பின்னணிக் குரல் வந்து மீன்பிடி ஒழுங்குவிதிகளை அரை நிமிடம் வாசிக்கிறது. 5:30 இல் மீண்டும் அய்யா. கடலைப் பார்த்தபடி சும்மா நிற்கிறார், அரை நிமிடம் ஒன்றும் பேசவில்லை.

வரைபில் இப்படி இருக்கிறது என்று வைப்போம்: 0:30 இல் 58 வீதம், 5:00 இல் 36, 5:30 இல் 27, 6:00 இல் 26.

வழமையான வாசிப்பு என்ன? "அய்யா சும்மா நிற்கிற இடத்தில 27 வீதம்தான் மிச்சம். அந்த மௌனம்தான் ஆக்களைக் கலைச்சிருக்கு." கோட்டின் உயரத்தைப் பார்த்துச் சொல்கிற தீர்ப்பு இது. உயரம் பொதுவாகக் குறைந்துகொண்டுதான் போகும், பெரும்பாலான காணொளிகளில் நடுப்பகுதி தொடக்கத்தைவிடக் கீழேதான் இருக்கும். பார்க்க வேண்டியது படித்திறனை, அதாவது சாதாரணதரக் கணிதத்தில் படித்த அதே சாய்வை.

அதையும் வெறும் கண்ணால் பார்த்தால் ஏமாறுவோம். 60 இலிருந்து 54 ஆக விழுவது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும், 20 இலிருந்து 16 ஆக விழுவது சின்னதாகத் தெரியும். ஆனால் முதலாவதில் இருந்தவர்களில் பத்தில் ஒரு பங்கு போயிருக்கிறது, இரண்டாவதில் ஐந்தில் ஒரு பங்கு. அதனால் ஒவ்வொரு அரை நிமிடத்துக்கும் ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும்: தொடக்கத்தில் இருந்த வீதத்திலிருந்து முடிவில் இருந்த வீதத்தைக் கழித்து, வருவதைத் தொடக்க வீதத்தால் வகுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பங்கை இழந்தோம் என்பது தெரியும்.

கரைவலைப் படத்துக்கு இதைப் போட்டுப் பாருங்கள். 0:30 இலிருந்து 5:00 வரை நாலரை நிமிடத்தில் 58 என்பது 36 ஆகிறது. சராசரியாகப் பார்த்தால் ஒவ்வொரு அரை நிமிடத்திலும் இருந்தவர்களில் 5 வீதம் கழன்றிருக்கிறார்கள். இதுதான் இந்தப் படத்தின் சாதாரண தேய்மானம். 5:00 க்கும் 5:30 க்கும் இடையில் 36 என்பது 27 ஆகிறது. இருந்தவர்களில் நாலில் ஒரு பங்கு, சாதாரணத்தைப் போல ஐந்து மடங்கு. மௌனம் ஓடுகிற 5:30 இலிருந்து 6:00 வரை? 27 என்பது 26 ஆகிறது, நாலு வீதமும் இல்லை. வெட்டச் சொன்ன அந்த மௌனத்தில்தான் ஆக்கள் சாதாரணத்தைவிடக் குறைவாகப் போயிருக்கிறார்கள்.

அப்ப ஆக்களைக் கலைத்தது எது? சரிவு தொடங்குகிற புள்ளியிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். பார்வையாளர் சலிப்பு வந்த அதே கணத்தில் போய்விடுவதில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கை மேலே போகும். அதோடு கோட்டுக்கும் ஒரு துல்லிய எல்லை உண்டு. யூடியூப் வெளியே தருகிற தரவில் ஒரு காணொளி, எவ்வளவு நீளமாக இருந்தாலும், 100 புள்ளிகளாகத்தான் வருகிறது. 12 நிமிடப் படத்தில் ஒரு புள்ளி 7 செக்கனுக்குச் சற்று மேல். ஆகவே "இந்த ஷொட்தான் காரணம்" என்று விரல் வைக்க முடியாது. சரிவுக்கு முந்தின பத்துப் பதினைந்து செக்கனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அங்கே இரண்டு விடயம் நடந்திருக்கிறது. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு 4:50 இல் பதில் கிடைத்துவிட்டது. அடுத்து என்ன என்று எதிர்பார்க்க ஒன்றும் மிச்சம் இல்லை. அந்த வெற்றிடத்தில், முகம் இல்லாத ஒரு குரல் விதிமுறை வாசிக்கிறது. அய்யா கதைத்து முடித்ததும் நாங்கள் கதைக்கத் தொடங்கியதுதான் பிரச்சினை. பிழை அவருடைய மௌனத்தில் இல்லை, எங்களுடைய விளக்கத்தில் இருக்கிறது. இதை ஒத்துக்கொள்ள எடிட்டருக்குக் கஷ்டமாக இருக்கும். விளக்கத்தை எழுதியதும் குரல் கொடுத்ததும் நாங்கள், அய்யா எடிட் மேசையில் இல்லாத ஆள். வெட்டு யாரில் விழுகிறது என்பதை வரைபு மட்டும் தீர்மானிப்பதில்லை, மேசையைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதும் தீர்மானிக்கிறது.

விதிமுறையைத் தூக்கி எறியவும் தேவையில்லை. அடுத்த படத்தில் அப்படி ஒரு பகுதி வந்தால், பதில் வருவதற்கு முன்னால் வையுங்கள். பங்கு எவ்வளவு என்று தெரியாமல் காத்திருக்கிற ஆள், அந்தப் பங்கு ஏன் குறைந்தது என்பதை விளக்குகிற அரை நிமிடத்தைத் தாங்குவார். பதில் கிடைத்த ஆள் தாங்கமாட்டார்.

இனி முதல் அரை நிமிடம். 100 என்பது 58 ஆகியிருக்கிறது. "ஹூக் போடோணும்" என்று உடனே சொல்வார்கள். பொறுங்கள். தொடக்கச் சரிவு எல்லாக் காணொளிக்கும் உண்டு, தவறுதலாகத் தட்டியவர்களும் அதற்குள்தான் இருக்கிறார்கள். கேட்க வேண்டியது, போனவர்கள் யார் என்பது. புதிதாக வந்தவர்களையும் திரும்ப வருகிறவர்களையும் ஸ்டூடியோவில் பிரித்துப் பார்க்கலாம். இரண்டு கோடும் ஒன்றாக விழுந்தால் சந்தேகம் தொடக்கக் காட்சியில்: அந்த 25 செக்கன் ட்ரோனையும் இலச்சினையும் எடுத்துவிட்டு வலை இழுப்பில் தொடங்குங்கள். புதியவர்களின் கோடு மட்டும் விழுந்தால் சந்தேகம் தலைப்பிலும் தம்நெயிலிலும். அவை கொடுத்த வாக்கைப் படம் காப்பாற்றவில்லை. அதை எடிட்டால் திருத்த முடியாது. பரபரப்புத் தலைப்பைப் போட்டு ஆக்களைக் கூப்பிட்டுவிட்டு, வந்தவர் போய்விட்டார் என்று அவருடைய பொறுமையைக் குறை சொல்வது என்ன நியாயம்?

கோடு விழுகிற இடமெல்லாம் ஆக்கள் வெளியேறுகிற இடமும் அல்ல. 24 இலிருந்து 19 க்கு விழுந்து, அரை நிமிடத்தில் திரும்ப 23 க்கு ஏறினால், அவர்களில் பெரும்பாலானவர்கள் போகவில்லை, தாண்டிப் போயிருக்கிறார்கள். அந்தத் துண்டு மட்டும் வேண்டாம், மிச்சம் வேண்டும் என்று அர்த்தம். இங்கே வெட்டுவது சரி. அதேபோல கோடு மேலே குத்தி நிற்கிற இடமெல்லாம் வெற்றியும் அல்ல. திரும்ப ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் செய்தி. ரசித்துப் பார்த்திருக்கலாம். திரையில் நாலு செக்கன் மட்டும் நின்ற எழுத்தை வாசித்து முடிக்க முடியாமலும் திரும்பிப் போயிருக்கலாம். அந்த இடத்தைப் போட்டுப் பார்த்தால் எது என்று பெரும்பாலும் விளங்கிவிடும்.

எங்கள் வாசிப்புக்கும் எல்லை உண்டு, அதை மறைக்க மாட்டோம். 400 பார்வையில் ஒரு வீதம் என்பது நாலு பார்வை. 5:00 இல் நடந்த சரிவு 36 பார்வைகள், அதை நம்பிப் பேசலாம். 27 க்கும் 26 க்கும் இடையில் நாலே நாலு. அதை வைத்து "மௌனம் ஆக்களைப் பிடித்து வைத்தது" என்று மார்தட்ட முடியாது. மேலும், 5:30 ஐத் தாண்டி இருந்தவர்கள் ஏற்கெனவே சல்லடையில் தங்கியவர்கள், பொறுமைசாலிகள். ஆகவே நாங்கள் சொல்வது இவ்வளவுதான்: மௌனத்தைக் குற்றவாளியாக்க இந்த வரைபில் சான்று இல்லை. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் அடுத்த படத்தில் அப்படி ஒரு மௌனத்தை இரண்டாவது நிமிடத்திலேயே வைத்துப் பாருங்கள். நீளத்தையும் தலைப்பின் தன்மையையும் ஏறக்குறைய அப்படியே விடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது வேலை செய்தது என்று பிறகு ஒருத்தருக்கும் தெரியாது.

சில இடங்களில் ஆக்கள் போவார்கள் என்று தெரிந்தும் வைத்திருக்கத்தான் வேண்டும். அது எடிட்டரின் முடிவு, வரைபின் முடிவு அல்ல. முடிவை எடுங்கள், பொறுப்பையும் எடுங்கள். ஆனால் அடுத்த முறை ஒரு முதியவரின் பேச்சை வெட்டுவதற்கு வரைபைத் தூக்கிக்கொண்டு வருகிறவரிடம் நாங்கள் மூன்று கேள்வி கேட்போம். அந்த அரை நிமிடத்தில் இருந்தவர்களில் எத்தனை பங்கு போனது? அதற்கு முந்தின அரை நிமிடத்தில் எத்தனை பங்கு? அந்த முந்தின அரை நிமிடத்தில் கதைத்துக்கொண்டிருந்தது யார்?