முன்பக்கம் குட்டிப் புத்தகம் அல்ல

பட்ஜெட் ஆவணத்துக்கு முன்பக்கச் சுருக்கம் எழுத உட்காருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஒரே நம்பிக்கைதான்: உள்ளே இருக்கும் முந்நூறு பக்கத்தைச் சுண்டக் காய்ச்சி ஒரு பக்கமாக்கிவிட்டால் வேலை முடிந்தது. எந்தத் துறையும் விடுபடக் கூடாது, கூட்டல் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் பட்ஜெட்டின் முக்கியமான செய்தியை மறைக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

2020 பிப்ரவரியில் வந்த மத்திய பட்ஜெட்டைப் பாருங்கள். 'பட்ஜெட் அட் எ க்ளான்ஸ்' என்ற சுருக்க ஆவணத்தின்படி 2020-21க்கு நிதிப் பற்றாக்குறை 7,96,337 கோடி ரூபாய். அதாவது ஜிடிபியில் 3.5 சதவீதம். உணவு மானியம் 1,15,570 கோடி. இரண்டு எண்ணிலும் கூட்டல் பிழை இல்லை. ஆனால் அவற்றை மட்டும் படித்தவருக்கு உண்மை நிலவரம் தெரிந்திருக்காது.

ரேஷன் அரிசிக்கான கணக்கு எளிமையானது. இந்திய உணவுக் கழகம் ஆதார விலை கொடுத்து நெல்லும் கோதுமையும் வாங்குகிறது. அப்போது கிலோ அரிசி மூன்று ரூபாய் என்று மிகக் குறைந்த விலைக்குக் கொடுத்தது. இடையில் விழும் துண்டை அரசு மானியமாகத் தர வேண்டும். 2020க்கு முந்தைய சில ஆண்டுகளாக அரசு அதை முழுதாகத் தரவில்லை. தபால் ஆபீசில் ஜனங்கள் போட்ட பணம் சேரும் தேசிய சிறுசேமிப்பு நிதியிலிருந்து கழகத்தைக் கடன் வாங்க வைத்தது. 2020-21க்கு அப்படித் திட்டமிட்ட கடன் 1,36,600 கோடி. மானியத்தைவிடக் கடன் பெரிது! கடன் வாங்கியது கழகம் என்பதால் அது 3.5 சதவீதத்துக்குள் வரவில்லை. சேர்த்துப் பார்த்தால் பற்றாக்குறை நான்கு சதவீதத்தைத் தாண்டிவிடும். இந்த விவரம் ஒளிக்கப்படவும் இல்லை. செலவு விவர ஆவணத்தின் 27ஆம் அறிக்கையில் இருந்தது. அவ்வளவு தூரம் எத்தனை பேர் புரட்டுவார்கள்?

எதோடு ஒப்பிடுகிறோம் என்பதிலும் இதே வித்தைதான். 2019-20க்கு முதலில் ஒதுக்கிய உணவு மானியம் 1,84,220 கோடி. ஆண்டு முடிவதற்குள் திருத்திய மதிப்பீட்டில் அது 1,08,688 கோடியாக இறங்கியது. அடுத்த ஆண்டின் 1,15,570 கோடியைத் திருத்திய மதிப்பீட்டோடு வைத்தால் ஆறு சதவீத உயர்வு. முதல் ஒதுக்கீட்டோடு வைத்தால் 37 சதவீத வெட்டு. ஒரே தொகை, நேர் எதிரான இரண்டு செய்திகள்.

மறுவருடம் அரசே இந்தக் கடன் முறையை நிறுத்தி, பாக்கியைப் பட்ஜெட்டுக்குள் கொண்டுவந்தது. 2020-21க்கான திருத்திய மதிப்பீட்டில் உணவு மானியம் 4,22,618 கோடியானது, பற்றாக்குறை 9.5 சதவீதம். அதில் கொரோனாவின் பங்கு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் பழைய பாக்கியும் அதில் இருந்தது. முன்பக்கத்தில் ஒரு வரி போட்டிருந்தால் அந்தப் பாக்கி யாருக்கும் புதுச் செய்தியாக இருந்திருக்காது.

ஊராட்சிக்கானாலும் கம்பெனிக்கானாலும் முன்பக்கத்தில் நான்கு விஷயம் போதும். வரவு, செலவு, இடையில் விழும் துண்டு, அதை எந்தக் கடனால் அடைக்கிறோம் என்பது முதலாவது. போன ஆண்டு ஒதுக்கியது, திருத்தியது, இந்த ஆண்டு கேட்பது என மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது இரண்டாவது. கணக்குக்கு வெளியே நிற்கும் கடனும் கொடுக்காத பாக்கியும் மூன்றாவது. எந்த அனுமானம் பொய்த்தால் இந்தக் கணக்கு கவிழும் என்ற ஒரு வாக்கியம் நான்காவது.

மற்றதை வெளியே தள்ளுங்கள். துறைக்கு ஒரு வரி வேண்டாம். அதற்குப் பொருளடக்கம் இருக்கிறது. போன ஆண்டு சாதனை வேண்டாம். அதற்கு உரை இருக்கிறது. பெரிதாக மாறாத எந்தத் தொகையும் வேண்டாம்.

"எங்கள் துறை முன்பக்கத்தில் இல்லாவிட்டால் மதிப்பில்லையே" என்று அதிகாரிகள் வருத்தப்படுவார்கள். படட்டும். அந்தப் பக்கம் பணம் கேட்கிறவருக்காக எழுதுவதல்ல, பணம் கொடுக்கிறவருக்காக எழுதுவது. கடைசிப் பக்கங்களில் இருக்கும் கடனை முதல் பக்கத்தில் சொல்லாத சுருக்கம், எவ்வளவு அழகாக அச்சடித்தாலும், வெறும் மேலட்டைதான்.