கீரைக் கட்டில் காணாமல் போன 22 மில்லிகிராம்

செப்டம்பர் பிறந்தால் அங்கன்வாடிச் சுவர்களில் புதுத்தாள் ஏறிவிடும். 2018இலிருந்து அது தேசிய ஊட்டச்சத்து மாதம். சுகாதாரத் துறையிலிருந்தோ கல்லூரியிலிருந்தோ ஒருவர் வந்து வைட்டமின்கள், தாதுக்கள் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். அவர் பேசியது மறுநாளே வண்ணப் பேனாவால் மூன்று கட்டங்களாகிவிடும்: எதில் கிடைக்கும், குறைந்தால் என்ன தெரியும், ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும். முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று மத்திய அரசு குறித்த பட்டியலில் தமிழ்நாட்டுக்கு இரண்டே இடம். ஒன்று ராமநாதபுரம், மற்றொன்று இந்த விருதுநகர். ஆகவே இங்கே கூட்டமும் அதிகம், தாளும் அதிகம்.

தாள் ஒட்டுவதில் தவறில்லை. பேச்சு கட்டமாகும்போது எது உதிர்ந்துபோகிறது என்பதுதான் கேள்வி. எல்லாச் சத்துகளையும் விட்டுவிட்டு இரும்புச்சத்து என்ற ஒரே ஒரு வரியை எடுத்துப் பார்த்தாலே போதும்.

முதல் கட்டத்தில் தவறாமல் இடம்பிடிப்பது கீரை. எவ்வளவு இரும்பு? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய உணவு மதிப்பு நூல், 1971இல் சி. கோபாலன் குழுவினர் கொண்டுவந்தது, 100 கிராம் தண்டுக்கீரைக்கு 25.5 மி.கி. என்றது. அதே நூல் 1989இல் திருத்தப்பட்டபோது அந்த எண் 3.49 ஆனது. 2017இல் அதே நிறுவனம் நாடு முழுவதும் மாதிரி எடுத்து வெளியிட்ட புதிய அட்டவணையில் 4.64. முருங்கைக்கீரை, பசலைக்கீரை எண்களும் இதே போலச் சரிந்தன. கீரை மாறவில்லை. இலையில் ஒட்டிய மண்ணிலும் இரும்பு உண்டு, சரியாகக் கழுவாமல் அளந்தால் மண்ணின் இரும்பும் கீரையின் கணக்கில் சேர்ந்துவிடும். அளக்கும் முறைகளும் இடையில் திருந்தின. கரிசல் மண்ணைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

திருத்தம் வந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்தபின்பும் 25.5 சாகவில்லை. பாடக் குறிப்புகளிலும் சுவரொட்டிகளிலும் அது ஒரு தலைமுறையிலிருந்து இன்னொரு தலைமுறைக்குக் கைமாறிக்கொண்டிருக்கிறது. காரணம் எளிது. பேச்சாளர் என்றால் ‘பழைய கணக்கு, இப்போது குறைந்துவிட்டது’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். கட்டத்துக்குள் அந்த ஒரு வார்த்தைக்கு இடமில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் எந்த ஆண்டு அளந்தது என்று எழுதிய சுவரொட்டியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வட்டாரத்து மானாவாரி நிலம் கண்ட குதிரைவாலிக்கும் இதே கதிதான். ஒரு பட்டியலில் 5 மி.கி., இன்னொன்றில் 15.2. எது எங்கிருந்து வந்தது என்று இரண்டிலும் குறிப்பிருக்காது.

இனி மூன்றாவது கட்டம். வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மி.கி. என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2020 அறிக்கை. அதற்கு முந்தைய 2010 அறிக்கையில் அது 21. தாள் எழுதுகிறவர் 29ஐ எடுத்துப் பெரிதாக எழுதிவிடுகிறார். ஆனால் அந்த அறிக்கை இரண்டு எண்களைத் தருகிறது. 29 என்பது பரிந்துரை அளவு. நூற்றில் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் போதும்படி உயர்த்தி வைக்கப்பட்டது அது. மாதவிடாயில் மிக அதிக இரத்தம் இழப்பவரும் அதற்குள் அடக்கம். இரண்டாவது எண் சராசரித் தேவை: 15 மி.கி. பெண்களில் பாதிப்பேருக்கு இதுவே போதும். ஒரு கூட்டம் மக்களின் உணவு போதுமா என்று மதிப்பிட 15ஐத்தான் எடுக்க வேண்டும். கர்ப்பிணிக்கு அந்த அறிக்கை சொல்வது 27. கர்ப்பிணிக்கு மற்றவரைவிடக் குறைவா, அச்சுப்பிழையோ என்று அதைத் ‘திருத்தி’ எழுதத் தோன்றும். மாதவிடாய் நின்றுவிடுகிறது, குடலும் அதிகமாக உறிஞ்சுகிறது என்ற விளக்கம் பேச்சில் இருந்தது, தாளில் இல்லை.

இந்த வேறுபாடெல்லாம் நிபுணர் சண்டை என்று நினைப்பவர்கள் சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலைக்குப் போகும் ஒரு பெண்ணின் ஒரு நாள் சாப்பாட்டைக் கூட்டிப் பார்க்கலாம். இட்லி, மதியச் சோறு, இரவுச் சோறு எல்லாமாக 300 கிராம் அரிசி என்று வைத்துக்கொண்டால் சுமார் 2 மி.கி. இட்லிக்குப் போன உளுந்து 30 கிராமில் 1.4. சாம்பாருக்குத் துவரம்பருப்பு 40 கிராமில் 1.6. கீரை 50 கிராம் என்றால் 2.3. சட்னிக்கு நிலக்கடலை 20 கிராமில் 0.7. இதுவரை 8. காய், புளி, மசாலா இன்னொரு 2 தந்தால் 10.

29க்குப் பக்கத்தில் வைத்தால் இந்தப் பெண் மூன்றில் ஒரு பங்கு தேர்ச்சிதான். 15க்குப் பக்கத்தில் வைத்தால் மூன்றில் இரண்டு பங்கு. அரிசியில் 100 கிராமைக் குறைத்து அதே அளவு கம்பு சேர்த்தால் கம்பின் 6.4 மி.கி. வந்து மொத்தம் 16ஐ நெருங்கிவிடும். சராசரித் தேவையைத் தாண்டியாகிவிட்டது. இதே சாப்பாட்டுக்குப் பழைய சுவரொட்டியின் 25.5ஐப் போட்டால், கம்பே இல்லாமல் கீரை மட்டும் 12.75 தந்து மொத்தத்தை 20க்கு மேல் தூக்கிவிடும். சாப்பாடு ஒன்று, பெண் ஒருத்தி. எந்தத் தாள் முன்னால் நிற்கிறாள் என்பதைப் பொறுத்து அவள் சத்துள்ளவள் அல்லது சத்தில்லாதவள்.

வாய்க்குள் போனதும் கணக்கு முடிவதில்லை. நம் சோறு பருப்புச் சாப்பாட்டிலிருந்து பெண்ணின் உடல் எடுத்துக்கொள்வதாக வைக்கப்பட்ட அளவு நூற்றுக்கு எட்டு. ஒரு நாளில் சராசரியாக இழப்பது சுமார் 1.2 மி.கி. 15இல் எட்டு சதவீதம் 1.2, அந்த 15 வந்த வழி இதுதான். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உறிஞ்சுவது பாதிக்கும் கீழே போகக்கூடும். அரை நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் கூடும். 2024 மே மாதம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டி, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்றபோது நாடே சிரித்தது. மதியத் தூக்குச்சட்டியைக் கழுவிய கையோடு டீக்கு நிற்கும் ஊரில் சுவரொட்டியின் இருபது வரிகளைவிட அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். ஆனால் டீ ஒரு சத்தின் மூலம் அல்லவே, அதற்குக் கட்டம் கிடையாது.

கட்டம் கிடைக்காத இன்னொன்று ரேஷன் அரிசி. 2024 மார்ச்சுக்குள் நாடெங்கும் ரேஷனில் செறிவூட்டிய அரிசி என்று மத்திய அரசு அறிவித்தது. நூறு அரிசிக்கு ஒன்று வீதம் செயற்கை மணி கலக்கப்படும். கிலோவுக்கு 28 முதல் 42.5 மி.கி. வரை இரும்பு, கூடவே போலிக் அமிலமும் பி12ம். மேலே சொன்ன பெண்ணின் 300 கிராமும் அந்த அரிசியானால் 8 முதல் 13 மி.கி. வரை கூடுகிறது. அவள் நாள் முழுக்கச் சாப்பிடும் மற்ற எல்லாவற்றுக்கும் சமம். கீரைக்கும் பேரீச்சைக்கும் வண்ணப்படம் வரையும் தாள் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. மறுபக்கம், அந்த மணிகளில் சேரும் இரும்பு எளிதில் உறிஞ்சப்படாத வகை. நிறையத் தண்ணீர் வைத்துக் கஞ்சி வடித்தால் சத்தில் கொஞ்சம் கஞ்சியோடு போய்விடும். ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று சொல்லி மணிகளைப் பொறுக்கி எறியும் வீடுகளும் உண்டு. தலசீமியா உள்ளவர்களுக்கான எச்சரிக்கை வாசகம் மூட்டையில் இருந்தது, அதையும் 2024இல் எடுத்துவிட்டார்கள். அரிசி கலந்த அரசும் தாள் ஒட்டும் அரசும் வேறு வேறு போலிருக்கிறது.

மிகவும் ஆபத்தானது நடுக் கட்டம்தான். சோர்வு, மூச்சிரைப்பு, வெளிறிய நகம்: இரும்புக் குறை. இப்படிப் படித்துவிட்டு வீட்டுக்குப் போகும் பெண் தன் நோயைத் தானே கண்டுபிடித்துவிட்டதாக நம்புகிறாள். 2016 முதல் 2018 வரை நரம்பிலிருந்து இரத்தம் எடுத்துச் சோதித்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வின் முடிவுகளை இங்கே நினைவுபடுத்த வேண்டும். இரத்தசோகை இருந்த 10 முதல் 19 வயது வரையானவர்களில் இரும்புக் குறையால் வந்தது ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. போலேட் அல்லது பி12 குறையால் வந்தது நான்கில் ஒன்று. மீதி இவை இரண்டும் கலந்து வந்தது, அல்லது வேறு காரணங்கள். எல்லாவற்றுக்கும் முகத்தில் ஒரே வெளிறல்தான். பி12 குறையில் பாதம் மரத்துப்போகும், குறுகுறுக்கும். அப்படிப்பட்டவளிடம் பேரீச்சம்பழம் சாப்பிடச் சொல்லி அனுப்பினால் நரம்பு கெட்டபின் வருவாள்.

அதிலும் இந்த ஊரில். அலுமினியப் பொடி படிந்து வெள்ளி நிறத்தில் மின்னும் விரல்களில் எந்த நகத்தின் வெளிறலை யார் பார்ப்பது? பட்டாசில் ஈயம், ஆர்சனிக், பாதரசம், லித்தியம், ஆன்டிமனி ஐந்தும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் உத்தரவிட்டது. ஈயம் உடலில் சேர்ந்தால் அதுவும் இரத்தசோகைதான். அதற்குக் கீரை மருந்தாகாது. கேரளத்துக்கோ டெல்லிக்கோ அச்சிட்ட அதே அறிகுறிப் பட்டியலைச் சாத்தூரிலும் வெம்பக்கோட்டையிலும் ஒட்டுவது சோம்பேறித்தனம் அல்லாமல் வேறென்ன?

எளிமையாக இருந்தால்தானே மக்களுக்குப் புரியும் என்பார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எத்தனை பெட்டிக்கு எவ்வளவு கூலி என்று மனக்கணக்குப் போடும் பெண்களிடம் போய் இதைச் சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். புரியாதது தாள் எழுதியவருக்குத்தான்.

விருதுநகர் மாவட்டத்தில் ஒட்டியிருக்கும் சத்துத் தாள்களில் நடுக் கட்டத்தை முதலில் கிழித்துவிடலாம். அந்த இடத்தில் ஒரே வரி: களைப்பாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் கொடுத்துப் பாருங்கள், விரல் நுனியில் குத்தாமல் நரம்பிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் சிவப்பணுவின் சராசரி அளவையும் கேளுங்கள். 80க்குக் கீழே என்றால் இரும்புக் குறை அல்லது தலசீமியா மரபு, 100க்கு மேல் என்றால் பி12 அல்லது போலேட் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

மற்ற இரண்டு கட்டங்களையும் இந்த ஊர்ச் சமையலறை அளவில் எழுதலாம். கம்பங்கூழ் ஒரு பெரிய சொம்பு, அதில் கம்பு 100 கிராம், இரும்பு 6.4, அளந்த ஆண்டு 2017. ஆய்ந்து கழுவிய தண்டுக்கீரை ஒரு கை, 50 கிராம், 2.3. ரேஷன் அரிசி ஓர் ஆழாக்கு, மணியைப் பொறுக்கக் கூடாது, கஞ்சி வடிக்காமல் அளவு தண்ணீரில் வேக வைக்க வேண்டும். கூடவே எலுமிச்சை அரை மூடி. டீ, மதியம் இரண்டு மணிக்கு மேல்.