சாவி வாங்குறதுக்கு முன்னாடி: கார்டன் ரீச் சொல்லும் முதல் கேள்வி

2024 மார்ச் 17 நள்ளிரவு. கொல்கத்தா கார்டன் ரீச்சில் கட்டிக்கொண்டிருந்த ஐந்து மாடிக் கட்டடம் பக்கத்துக் குடிசைகள் மேல் சரிந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது அனுமதியில்லாத கட்டடம் என்று மேயர் ஃபிர்ஹாத் ஹக்கீமே சொன்னார்.

புது ஃபிளாட்டைப் பார்க்கப் போகும்போது நாம டைல்ஸைத் தட்டிப் பார்ப்போம், குழாயைத் திறந்து பார்ப்போம். அதெல்லாம் சரிதான். ஆனால் குறைகள் பட்டியலின் முதல் வரி சுவரைப் பற்றியது இல்லை, காகிதத்தைப் பற்றியது. அனுமதி பெற்ற வரைபடம் இருக்கா? மாநகராட்சியின் கட்டட நிறைவுச் சான்றிதழ் வந்தாச்சா? சென்னையில் சிஎம்டிஏ தருவதும் இதே வகைச் சான்றுதான். இது இல்லாமல் "சாவி ரெடி சார்" என்றால் கையெழுத்துப் போட அவசரப்படாதீங்க.

அடுத்து விரிசல். பூச்சில் முடி போல ஓடும் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் சிமென்ட் காய்வதால் வருபவை. தூணும் உத்திரமும் சேரும் இடத்தில் சாய்வாக ஓடுவது, ஓரத்தில் துருக்கறை கசிவது, பென்சிலால் குறித்துவைத்த முனையைத் தாண்டி சில வாரங்களில் நீள்வது, இவை வேறு விஷயம். அங்கே பில்டரின் மேஸ்திரி சொல்வது போதாது. தனியாக ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூட்டிப்போங்க. குளியலறைத் தரையில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கி, கீழ்வீட்டுக் கூரையையும் பாருங்க.

பார்த்ததை எல்லாம் தேதியிட்ட படத்தோடு மின்னஞ்சலில் அனுப்புங்க. ஒப்படைப்புக் கடிதத்தில் "முழுத் திருப்தி" என்று அச்சடித்திருந்தால், "இணைத்துள்ள குறைகளுக்கு உட்பட்டு" என்று கையால் எழுதிக் கையெழுத்திடுங்க.

சாவி வாங்கிய பிறகும் கதவு மூடிவிடவில்லை. ரெரா சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் நீங்கள் சுட்டிக்காட்டும் கட்டமைப்புக் குறையை, வேலைத்தரக் குறையையும், பில்டர் 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். செய்யலைன்னா இழப்பீடு கேட்கலாம். 2025 ஜூன் 1-ல் சாவி வாங்கியவர் 2030 மே மாதம் தூண் விரிசலை எழுத்தில் தெரிவித்தால், அது கணக்கில் வரும். வாட்ஸ்அப் புலம்பலை மட்டும் நம்பாதீங்க. ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்க.

ஒரு ஓட்டை இருக்கு. மனை 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டாலோ, 8 வீடுகளுக்கு மேல் இல்லாவிட்டாலோ ரெரா பதிவு கட்டாயமில்லை. குறுகலான சந்துகளில் எழும் சின்ன அடுக்குமாடிகள் பல இதில் விழும். அங்கே நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ஆனால் புகாருக்குப் பொதுவாக 2 ஆண்டுதான் கெடு. அனுமதியே இல்லாத கட்டடத்தில் நிலைமை இன்னும் மோசம்: வழக்கில் நீங்கள் ஜெயித்தாலும், இடிப்பு உத்தரவு உங்க வீட்டுக்கும் சேர்த்துத்தான் வரும்.