165,000 ரூபா கட்டுவதற்கு முன்: தரவுப் பாதுகாப்புச் சான்றிதழ் யாருக்குத் தேவை?



கொஞ்சம் நீண்ட பதிவு. பிள்ளையை ஏதாவது ஒரு கோர்ஸுக்கு அனுப்ப யோசிக்கும் உம்மா வாப்பாமார் முழுதாக வாசியுங்கள்.

உயர்தரப் பெறுபேறு வந்ததிலிருந்து ஒரு விளம்பரம் நம் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டு நாள் வகுப்பாம், முடிவில் "தரவுப் பாதுகாப்பு அலுவலர்" சான்றிதழாம், புதிய சட்டத்தால் எல்லா நிறுவனங்களுக்கும் ஆள் தேவையாம். ஆசிரியர்களாகிய எங்களிடம் இதைக் கேட்டு வந்த பெற்றோர் பலர். ஒரு வீட்டில் மகளின் காப்பை அடகு வைக்கும் அளவுக்குப் பேச்சுப் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறோம். கொழும்பில் இந்த வேலையைச் செய்யும் எமது பழைய மாணவர்கள் இருவரோடு பேசி, சட்டத்தையும் எடுத்து வாசித்த பிறகே எழுதுகிறோம்.

விளம்பரத்தில் பாதி உண்மை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. அமைச்சுகளும் அரச திணைக்களங்களும், பெருமளவில் மக்களின் தரவுகளைக் கண்காணிக்கும் அல்லது நோய், மதம் போன்ற உணர்வுபூர்வமான தரவுகளைக் கையாளும் நிறுவனங்களும் தரவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அந்த அலுவலருக்கு உரிய கல்வித் தகைமையோ தொழில் தகைமையோ வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் இன்ன நிறுவனத்தின் இன்ன சான்றிதழ் வேண்டும் என்று அதில் ஒரு வரியும் இல்லை. சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் அமுலுக்கு வரவிருந்தன. அதற்கு முன்னரே பிற்போடப்பட்டு, அதே ஆண்டில் திருத்தச் சட்டமும் வந்தது. ஆகவே "நாளைக்கே எல்லோருக்கும் ஆள் வேண்டும்" என்று அவசரப்படுத்துபவரிடம் கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள். நமது சட்டத்துக்கு முன்மாதிரியான ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.டி.பி.ஆர். சட்டமும் அப்படித்தான். அதன் 37 ஆம் உறுப்புரை அந்த அலுவலருக்கு நிபுணத்துவ அறிவு வேண்டும் என்கிறது, சான்றிதழ் கேட்கவில்லை.

அப்படியானால் சான்றிதழ் எதற்கு? வேலை விளம்பரங்களில் அதிகம் கேட்கப்படுவது அமெரிக்காவைத் தளமாகக் கொண்ட ஐ.ஏ.பி.பி. என்ற சங்கத்தின் சான்றிதழ்கள். அவற்றில் நமக்குப் பொருந்துவன இரண்டுதான். சி.ஐ.பி.பி./ஈ என்பது ஐரோப்பியச் சட்டத்தைச் சோதிக்கிறது. சி.ஐ.பி.எம். என்பது ஒரு நிறுவனத்துக்குள் அந்தச் சட்டத்தை எப்படி நடத்திக் காட்டுவது என்பதைச் சோதிக்கிறது. ஆசியாவுக்கென்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது சிங்கப்பூர், ஹொங்கொங், இந்தியா பற்றியது. இலங்கைச் சட்டத்துக்கென்று அந்தச் சங்கத்தில் ஒரு பரீட்சையும் இல்லை.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெயரைப் பார்த்தால் விளங்காது. ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். இது கற்பனைச் சம்பவம், ஆனால் எமது பழைய மாணவர்கள் தினமும் பயப்படுவது இப்படியான ஒன்றுக்குத்தான்.

கொழும்பில் ஒரு கம்பனி, அயர்லாந்தில் உள்ள ஒரு கடைத்தொகுதிக்குச் சம்பளக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறது. வெள்ளிக்கிழமை பின்னேரம் 4 மணி. 400 ஊழியர்களின் பெயர், சம்பளம், வங்கிக் கணக்கு இலக்கம் எல்லாம் உள்ள கோப்பை ஒருவர் தவறுதலாக வேறொரு வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் செய்துவிடுகிறார். இப்போது யார் யாருக்குச் சொல்ல வேண்டும்?

பலரும் "72 மணித்தியாலத்துக்குள் அதிகாரசபைக்குச் சொல்ல வேண்டும்" என்பார்கள். யூடியூபில் கேட்டது. ஆனால் அந்தக் கடமை கொழும்புக் கம்பனிக்கு இல்லை. தரவை எதற்காகப் பயன்படுத்துவது என்று தீர்மானிப்பது அயர்லாந்துக் கடைத்தொகுதி. ஆங்கிலத்தில் அதைக் கொன்ட்ரோலர் என்பார்கள். கொழும்புக் கம்பனி அதன் சார்பில் வேலை செய்யும் புரொசெசர் மட்டுமே. ஆகவே கொழும்பு செய்ய வேண்டியது, தேவையற்ற தாமதம் இல்லாமல் அயர்லாந்துக்குச் சொல்வது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் அதற்கும் மணித்தியாலக் கணக்கு எழுதியிருக்கும். அயர்லாந்துக் கடைத்தொகுதிக்கு விஷயம் தெரிந்த நேரத்திலிருந்துதான் 72 மணித்தியாலம் ஓடத் தொடங்குகிறது. சனி, ஞாயிறு கழிக்கப்படாது. அன்றிரவு 7 மணிக்குச் சொன்னால் திங்கள் இரவு 7 மணிக்கு முடிந்துவிடும்.

இன்னொரு படி இருக்கிறது. தவறுதலாகக் கோப்பைப் பெற்றவர் நம்பிக்கையானவர், திறக்காமலே அழித்துவிட்டதாக எழுத்தில் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். யாருக்கும் பாதிப்பு வர வாய்ப்பில்லை என்று நியாயமாகக் காட்ட முடிந்தால் அதிகாரசபைக்கு அறிவிக்கத் தேவையில்லை. ஆனாலும் நடந்ததையும், அறிவிக்காததற்கான காரணத்தையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். அந்த 400 ஊழியர்களுக்கும் நேரடியாகச் சொல்ல வேண்டியது ஆபத்து அதிகம் என்றால் மட்டுமே. பாருங்கள், ஒரே சம்பவத்தில் மூன்று வெவ்வேறு படிக்கட்டுகள். சி.ஐ.பி.பி./ஈ பரீட்சை சோதிப்பது இந்த மாதிரியான பிரித்தறிதலைத்தான். மனனம் செய்த பிள்ளை இங்கேதான் விழும்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை யாருடைய தொலைபேசி அடிக்க வேண்டும், பதிவேடு எந்த வடிவில் இருக்க வேண்டும், ஊழியர்களுக்கு முன்கூட்டியே என்ன பயிற்சி கொடுத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் சி.ஐ.எம்.எம். அல்ல, சி.ஐ.பி.எம். பக்கம். (எழுத்துகள் எங்களுக்கே குழம்புகின்றன, பிள்ளைகளுக்குக் கேட்பானேன்.) சட்டத்தரணி முதலாவதைப் படிப்பது பொருத்தம். வங்கியிலோ காப்புறுதியிலோ கம்ப்ளயன்ஸ் பிரிவில் இருப்பவர் இரண்டாவதைப் படித்தால் அவரது நாளாந்த வேலைக்கு நேரடியாக உதவும்.

இனிச் செலவு. நாம் பார்த்த கட்டண விபரப்படி முதல் தடவை பரீட்சைக்கு 550 அமெரிக்க டொலர். டொலரை 300 ரூபா என்று பிடித்தாலும் 165,000 ரூபா. தவறினால் மறுபடி எழுத 375 டொலர், அதாவது இன்னும் 112,500 ரூபா. சித்தியடைந்த பிறகும் முடிவதில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை 250 டொலர் கட்ட வேண்டும், அல்லது சங்கத்தில் வருடாந்த அங்கத்துவம் இருக்க வேண்டும். அந்த இரண்டு வருடத்துக்குள் 20 புள்ளிகள் அளவுக்குத் தொடர்கல்வியும் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பெயருக்குப் பின்னால் அந்த எழுத்துகளைப் போட முடியாது. பரீட்சை 90 கேள்விகள், இரண்டரை மணித்தியாலம், எல்லாம் தெரிவு வினாக்கள், தமிழில் இல்லை. புத்தகமும் வகுப்பும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

பரீட்சைக்கு முன்தகைமை எதுவும் கேட்பதில்லை. இதைத்தான் விளம்பரக்காரர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். உயர்தரம் முடித்த பிள்ளையும் எழுதலாம் என்பது உண்மைதான். சித்தியடைந்தும் விடலாம். ஆனால் நேர்முகத்தில் "நீங்கள் எந்த ஒப்பந்தத்தைப் பார்த்திருக்கிறீர்கள்?" என்ற முதல் கேள்விக்கே பதில் இருக்காது. இந்தச் சான்றிதழ் ஏற்கெனவே இருக்கும் ஒரு தொழிலின் மேல் வைக்கும் இரண்டாவது மாடி. சட்டம், வங்கி, கணக்கியல், ஐ.டி., மனிதவளம், இதில் ஏதாவது ஒரு கீழ்மாடி வேண்டும். சட்டத்தரணியாக வேண்டுமென்றால் உயர்நீதிமன்றத்தில் பதிவாகும் வழிதான் வழி. எத்தனை சி.ஐ.பி.பி. இருந்தாலும் அதற்கு ஈடாகாது.

அப்படியானால் யார் காசு கட்டலாம்? வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யும் கம்பனியில் ஏற்கெனவே இருப்பவர். அந்தக் கம்பனிகளுக்கு வாடிக்கையாளர்கள் பக்கம் பக்கமாகக் கேள்விக்கொத்து அனுப்புகிறார்கள், அதற்குப் பதில் எழுத ஆள் வேண்டும். அப்படிப்பட்டவர் முதலில் கம்பனியிடமே கட்டணத்தைக் கேட்க வேண்டும் என்பது எமது அபிப்பிராயம். எமது பழைய மாணவர்களில் ஒருவருக்கு அப்படித்தான் கிடைத்தது. இரண்டாவது, வணிக ஒப்பந்தங்கள் எழுதும் இளம் சட்டத்தரணி. இவருக்கும் ஓர் எச்சரிக்கை: ஐரோப்பியச் சட்டத்தை அப்படியே நமது சட்டத்தின் மேல் ஒட்டக்கூடாது. ஒருவர் தன் தரவைப் பற்றிக் கேட்டால் ஐரோப்பாவில் பதில் சொல்ல ஒரு மாதம். நமது 2022 சட்டத்தின் மூல வாசகத்தில் 21 வேலை நாட்கள். தரவு கசிந்தால் அறிவிக்கும் காலத்தை அவர்கள் 72 மணித்தியாலம் என்று சட்டத்திலேயே எழுதினார்கள், நாம் அதை விதிகளுக்கு விட்டிருக்கிறோம். அந்த 72ஐ இலங்கை வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தில் "சட்டப்படி" என்று எழுதிக் கொடுத்தால் பிழை.

பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் பாடசாலைக்கும் தேவையா என்று ஒரு சகோதரர் கேட்டிருந்தார். சான்றிதழ் தேவையில்லை. ஆனால் சட்டம் மத நம்பிக்கையையும் பிள்ளைகளின் தரவையும் விசேட வகையில் வைத்திருக்கிறது. ஸகாத் பெறுவோரின் பட்டியலைப் படம் பிடித்துக் குழுவில் போடுவதை நிறுத்த 550 டொலர் பரீட்சை எதற்கு?

காப்பை அடகு வைக்கவிருந்த அந்தப் பிள்ளை இப்போது ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் பயிலுநராகச் சேர விண்ணப்பித்திருக்கிறாள். நமது சட்டத்தின் தமிழ்ப் பிரதியும், சங்கம் இலவசமாக வெளியிடும் பாடத்திட்டமும் கையில் இருக்கின்றன. எந்தப் பகுதியிலிருந்து எத்தனை கேள்வி வரும் என்பது அந்தப் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. இரண்டையும் வாசித்து, அந்த வெள்ளிக்கிழமைச் சம்பவம் மாதிரி பத்துச் சம்பவங்களுக்குத் தானே விடை எழுதிப் பார்த்துவிட்டு, பிறகு பரீட்சை பற்றி முடிவெடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறோம்.

இந்தப் பரீட்சையை எழுதியவர்கள் நம்மூரில் வேறு யாராவது இருந்தால் கீழே சொல்லுங்கள். பழைய புத்தகம் இருந்தால் பாடசாலை நூலகத்துக்குத் தாருங்கள்.