“பிள்ளை பிறக்கும்வரை பல்லைத் தொடாதே” என்பது சரியா?

திண்டுக்கல் பக்கம் கர்ப்பிணியின் ஈறில் சிவப்பாக ஒரு சதை முளைத்தால், வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதுதான்: “மாசமா இருக்கையில பல்லுல கை வைக்கக் கூடாது. பிள்ளை பிறந்தா தானா போயிடும்.” இதில் பாதி உண்மை. மீதிப் பாதியால்தான் பல பெண்கள் மாதக்கணக்கில் ரத்தம் துப்புகிறார்கள்.

ஆறாம் மாதத்துப் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். மேல்வரிசையின் இரண்டு முன்பற்களுக்கு இடையே, சில வாரங்களுக்குள் நிலக்கடலைப் பருப்பளவுக்குச் சதை வளர்ந்துவிட்டது. வலியில்லை. பிரஷ் பட்டாலும் முறுக்கு உரசினாலும் ரத்தம் வருகிறது. இதை மருத்துவர்கள் பையோஜெனிக் கிரானுலோமா என்கிறார்கள். இது சீழ்க்கட்டியும் அல்ல, புற்றுநோயும் அல்ல. பற்காரை ஈறை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கர்ப்பகால ஹார்மோன்கள் அந்த உறுத்தலுக்கு ஈறு காட்டும் எதிர்வினையைப் பெருக்கிவிடுகின்றன. சதை முழுக்கச் சுவர் மெலிந்த நுண் ரத்தக்குழாய்கள். மேல்தோலும் மெல்லியது, பல இடங்களில் புண்ணாகிக் கிடக்கும். அதனால்தான் லேசாகத் தொட்டாலே கசிகிறது.

ரத்தத்துக்குப் பயந்து பல் தேய்ப்பதை நிறுத்துவதுதான் பெரிய தவறு. அழுக்கு சேரும், உறுத்தல் கூடும், சதை மேலும் வளரும். மென்மையான பிரஷால் இரண்டு வேளையும் துலக்க வேண்டும். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை மடித்து வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்தலாம். சதையை நூல் கட்டி அறுப்பது ஆபத்து.

“கை வைக்கக் கூடாது” என்பதும் சரியில்லை. பற்காரை எடுப்பதைக் கர்ப்பத்தில் எப்போதும் செய்யலாம். நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம்வரை உட்கார்ந்து செய்துகொள்ள வசதியான காலம். லிடோகெய்ன் மரப்பு ஊசியும் கர்ப்பிணிக்குப் போடக்கூடியதுதான். பல் சுத்தம் செய்தாலே சிலருக்குச் சதை அடங்கிவிடும்.

தானாகப் போகுமா? பேறுக்குப் பின் ஹார்மோன் குறைவதால் பலருக்குச் சுருங்கும், எல்லோருக்கும் அல்ல. கர்ப்பத்திலேயே வெட்டினால் மீண்டும் முளைக்க வாய்ப்பு அதிகம் என்பதால், தொந்தரவில்லாதவரை மருத்துவர்கள் காத்திருப்பார்கள். ஆனால் ரத்தம் நிற்காமல் வந்தாலோ, மெல்லும்போது பல்லில் கடிபட்டுச் சாப்பிட முடியாமல் போனாலோ, ஏற்கெனவே ரத்தசோகை இருந்தாலோ, பேறுவரை பொறுக்காமல் எடுப்பதைப் பற்றி யோசிப்பார்கள். எடுக்கும்போது மேலோடு சீவாமல் அடிவேர்வரை எடுத்து, பக்கத்துப் பல்லின் காரையையும் சுரண்ட வேண்டும். இல்லையென்றால் திரும்ப வரும்.

பேறுக்குப் பிறகு சில மாதங்களாகியும் சுருங்காத சதையை அகற்றி, திசுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். புகையிலை மெல்லும் பழக்கம் உள்ள நம் வட்டாரத்தில், கெட்டியான, ஆறாத, பல்லை ஆட்டுகிற சதையைக் கர்ப்பத்தின் கணக்கில் எழுதி விட்டுவிடக் கூடாது. அதற்குப் பிள்ளை பிறக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். தாய் சேய் நல அட்டையை எடுத்துக்கொண்டு உடனே பல் மருத்துவரிடம் போங்கள்.