பீரங்கியால் எட்ட முடியாத தூரம்

கையெறி குண்டும் மோர்ட்டாரும் பீரங்கி கிடைக்காதவனின் மாற்று ஆயுதங்கள் என்றும், பெரிய பீரங்கி வந்துவிட்டால் இவற்றுக்கு வேலையில்லை என்றும் ஒரு கருத்து பரவலாக இருக்கிறது. 1915 ஆகஸ்டில் கலிப்பொலியில் நடந்த லோன் பைன் சண்டையைப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

அங்கே ஆஸ்திரேலியர்களுக்குப் பீரங்கி இருந்தது. ஆகஸ்ட் 6 மாலை துருக்கியரின் அகழிகளைக் குண்டுவீசித் தாக்கிய பிறகே காலாட்படை பாய்ந்தது. முன்னணி அகழியின் மேல் மரக்கட்டைகளால் கூரை போட்டிருந்தார்கள். வீரர்கள் சிலர் கட்டைகளைப் பெயர்த்து உள்ளே இறங்கினார்கள். சிலர் தாண்டி ஓடிப் பின்னாலிருந்த திறந்த அகழிகளில் குதித்தார்கள். அந்த நொடியோடு பீரங்கியின் உதவி குறைந்துவிட்டது. ஒரே அகழியின் ஒரு வளைவில் இவர்கள், அடுத்த வளைவில் அவர்கள். அங்கே விழும் எறிகணைக்கு இரண்டு படையும் ஒன்றுதான்.

"ரைபிள் இருக்கிறதே" என்பது அடுத்த வாதம். அகழியை நேராக வெட்டுவதில்லை. சில மீட்டருக்கு ஒருமுறை மண்சுவரை விட்டு மடக்கி வெட்டுவார்கள். உள்ளே நுழைந்தவன் நீளவாக்கில் சுட்டுத் தள்ளிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த மடிப்பு. தோட்டா நேரே போகும், மூலையில் திரும்பாது. சுவருக்கு மேலாக எறிந்து அப்பால் விழச் செய்யக் கையெறி குண்டுதான் வழி. லோன் பைனில் அடுத்த சில நாள்கள் சண்டை பெரும்பாலும் அதைக் கொண்டே நடந்தது. ஆஸ்திரேலியர்கள் எறிந்தவற்றில் பல, கடற்கரையில் ஜாம் டப்பாவில் வெடிமருந்தும் இரும்புத் துண்டுகளும் அடைத்துச் செய்தவை. துருக்கியக் குண்டுகளின் திரி மெதுவாக எரிந்ததால் விழுந்ததை எடுத்துத் திருப்பி எறிந்தார்கள். அதில் கை போனவர்களும் உண்டு.

மோர்ட்டாரின் தூரம் குறைவு, ஆகவே பலம் குறைவு என்பதும் தவறான கணக்கு. கள பீரங்கியின் குண்டு தாழ்வாகப் பறந்து அகழியின் விளிம்பைத் தாண்டிப் போய்விடும். மோர்ட்டார் குண்டு ஏறக்குறைய செங்குத்தாக ஏறி, அப்படியே இறங்குவதால் அகழிக்குள்ளேயே விழ வாய்ப்பு அதிகம். அதை இயக்குபவர்களும் தம் பள்ளத்தில் மறைந்தபடியே சுடலாம். அதே 1915இல் வந்த ஸ்டோக்ஸ் மோர்ட்டார் ஒரு குழாய், ஒரு அடித்தட்டு, இரண்டு கால்கள், அவ்வளவுதான். வாய்வழியே குண்டை நழுவவிட்டால் அடியிலுள்ள ஊசியில் மோதிப் புறப்படும்.

உண்மையான குறை வேறு: குண்டு தீர்வது. கலிப்பொலியின் ஆன்சாக் அகழிகளில் நன்றாக வேலை செய்த ஜப்பானிய மோர்ட்டார்களுக்கே குண்டு போதவில்லை. நகரத்தில் இன்னொரு எல்லையும் சேரும். மோர்ட்டார் குண்டு கட்டடத்துக்குப் பின்னாலுள்ள முற்றத்தை எட்டும். சிறிய குண்டு கூரையிலேயே வெடித்துவிடுவதால் நிலவறையிலிருப்பவனைத் தொடாது. அவனைத் தொட அறை அறையாகக் கையெறி குண்டோடு போக வேண்டும்.

இந்த நெருக்கத்தையே உத்தியாக்கி, 1942இல் ஸ்டாலின்கிராடில் சோவியத் தளபதி சுய்கோவ் தம் படையை ஜெர்மானியருக்கு மிக நெருக்கமாகவே நிறுத்தினார். ஜெர்மானிய விமானங்களும் பீரங்கிகளும் தம் ஆட்களையே கொல்லாமல் அங்கே தாக்க முடியவில்லை.