கோடு முதலில், சாய்வு பிறகு

பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடி குறுகியும் வாய் அகன்றும் இருக்கும். ஒன்றுக்குள் ஒன்று அடுக்குவதற்காகத்தான் அப்படி என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிட முக்கியமான காரணம், அந்தச் சரிவு இல்லாவிட்டால் வாளி அச்சிலிருந்தே கழன்று வராது. நம் டூல் ரூம்களில் இதை டேப்பர் என்பார்கள், வடிவமைப்பாளர்கள் டிராஃப்ட் என்பார்கள். வாளியில் கண்ணுக்குத் தெரிகிற இந்தச் சரிவு, ஒரு ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியில் இரண்டு டிகிரிதான். அந்த இரண்டு டிகிரியை எப்போது, எங்கிருந்து தொடங்கிக் கொடுக்கிறோம் என்பதில்தான் பெரும்பாலான சிக்கல்கள் முளைக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். கிணற்று மோட்டார் அறையில் சுவரில் மாட்டும் ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் மூடி. பொருள் ஏ.பி.எஸ். விளிம்பில் நீளம் 160 மி.மீ., அகலம் 110, ஆழம் 45, சுவரின் தடிமன் 2.5. வெளிப்புறம் லேசான சொரசொரப்பு, அதாவது 0.025 மி.மீ. ஆழமுள்ள டெக்ஸ்சர். ஒரு குறுக்குச் சுவரில் கேபிள் நுழைய 20 மி.மீ. துளை. மேல்முகத்தில் 150 மி.மீ. நீள ஸ்டிக்கர். வரைந்த இளைஞர் எல்லாச் சுவர்களையும் செங்குத்தாக நிறுத்தி, எல்லா விளிம்புகளையும் அழகாக உருட்டி, "டிராஃப்ட்டை டூல் ரூம்லயே குடுத்துக்குங்க அண்ணா" என்று கோப்பை அனுப்பிவிடுகிறார். இந்த ஒரு வரிதான் எனக்குக் கவலை தருகிறது. டூல் ரூம் கொடுக்கும், மறுக்காது. ஆனால் எந்த அளவு மாறாமல் நிற்க வேண்டும், எது மாறினால் பரவாயில்லை என்பது டூல் ரூமுக்குத் தெரியாது. அது வரைந்தவருக்குத்தான் தெரியும்.

முதலில் முடிவாக வேண்டியது சாய்வு அல்ல, பார்ட்டிங் லைன். அச்சின் இரண்டு பாதிகளும் பாகத்தின் மேல் சந்திக்கிற கோடு அது. மூடியின் வெளிப்புறத்தைக் கேவிட்டி உருவாக்கும், உட்புறத்தைக் கோர் உருவாக்கும். இரண்டும் எங்கே பிரிகின்றன என்று தெரிந்தால்தான் ஒவ்வொரு சுவரும் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று சொல்ல முடியும். கோடு மாறினால் சாய்வின் திசையே மாறிவிடும். இந்த மூடிக்கு இயல்பான இடம் கீழ் விளிம்பு. அடிப்பெட்டியோடு சேருகிற இடமும் அதுவே. அடிப்பெட்டியின் உதடு அதைச் சுற்றி வந்தால், நாளடைவில் அச்சு தேய்ந்து வரக்கூடிய பிசிறும் உள்ளே மறைந்துவிடும்.

ஆனால் அந்த விளிம்பின் வெளி மூலையைத்தான் நம் இளைஞர் 2 மி.மீ. ஆரத்தில் உருட்டி வைத்திருக்கிறார். கைக்கு இதமாக இருக்கட்டும் என்கிற நல்ல எண்ணம்தான். விளைவு என்னவென்றால், கோடு விளிம்பிலேயே இருந்தால் அந்த வளைவு கேவிட்டிக்குள் கொக்கி போல மாட்டிக்கொள்ளும். மாட்டாமல் இருக்க வேண்டுமானால் கோடு 2 மி.மீ. மேலேறி, எல்லோரும் பார்க்கிற வெளிச்சுவருக்கு வந்துவிடும். அங்கே இரண்டு பாதிகளும் 0.05 மி.மீ. விலகினாலும் நகத்தால் தடவும்போது படி தெரியும். பார்ட்டிங் லைன் ஓடுகிற விளிம்பைக் கூர்மையாகவே விட்டுவிடுங்கள். இதமாக இருக்க வேண்டியது மேல்முகத்தின் மூலைகள்தான். அங்கே 3 மி.மீ. ஆரம் தாராளமாகக் கொடுக்கலாம்.

கோடு தெரிந்துவிட்டது, இனி சாய்வு. சூடான ஏ.பி.எஸ். ஆறும்போது சுமார் அரை சதவீதம் சுருங்கும். 160 மி.மீ. நீளத்தில் அது 0.8 மி.மீ. சுருங்கும்போது வெளிச்சுவர் கேவிட்டியிலிருந்து விலகும், உட்சுவரோ கோரை இறுக்கிப் பிடிக்கும். எஜெக்டர் பின்கள் கோர் பக்கம்தான் இருக்கின்றன என்பதால் மூடி கோரோடு போவதையே நாமும் விரும்புகிறோம். ஆனால் கோரின் சுவர் செங்குத்தாக இருந்தால், 45 மி.மீ. ஆழம் முழுவதும் உரசிக்கொண்டேதான் மூடி வெளியே வர வேண்டும். சாய்வு இருந்தால் கொஞ்சம் நகர்ந்ததுமே இடைவெளி விழுந்துவிடும். இரண்டு டிகிரியில் ஒரு மி.மீ. நகர்ந்தால் 0.035 மி.மீ. இடைவெளி. அரை டிகிரியில் அதே நகர்வுக்கு 0.009தான்.

இந்த இரண்டு எண்களையும் டெக்ஸ்சரின் 0.025 மி.மீ. ஆழத்தோடு வைத்துப் பாருங்கள். இரண்டு டிகிரிச் சுவரில் முக்கால் மி.மீ. நகர்வதற்குள் சொரசொரப்பின் மேடுகள் ஒன்றையொன்று கடந்துவிடும். அரை டிகிரியில் கிட்டத்தட்ட 3 மி.மீ. தூரம் அவை ஒன்றையொன்று சுரண்டும். சுருக்கம் இதில் கொஞ்சம் உதவும் என்றாலும் அதை மட்டுமே நம்ப முடியாது. டெக்ஸ்சரின் ஒவ்வொரு 0.025 மி.மீ. ஆழத்துக்கும் ஒன்று முதல் ஒன்றரை டிகிரி கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்ற நடைமுறை விதி இதனால்தான் வந்தது. வழுவழுப்பான சுவருக்கு அரை முதல் ஒரு டிகிரி போதும். அதோடு இதைக் கூட்டினால், இந்த மூடியின் வெளிப்புறத்துக்கு இரண்டு டிகிரி என்பது சரியான கணக்கு.

இரண்டு டிகிரி 45 மி.மீ. ஆழத்தில் பக்கத்துக்கு 1.57 மி.மீ. ஆகும். இதை எங்கிருந்து கொடுக்கிறோம் என்பதே அடுத்த கேள்வி. விளிம்பிலுள்ள 160 மாறக் கூடாது, அது அடிப்பெட்டியில் உட்கார வேண்டும். ஆகவே மென்பொருளில் Neutral Plane என்று கேட்குமிடத்தில் விளிம்பின் தளத்தைக் காட்ட வேண்டும். அப்போது விளிம்பு அப்படியே நிற்கும், மேல்முகம் சுருங்கும். மேல்முகத்தைக் காட்டிவிட்டால் விளிம்பு 163 ஆகிவிடும், மூடி பெட்டியில் ஏறாது. வெளிச்சுவரைச் சாய்த்த பிறகே உட்குடைவைச் செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் உட்சுவரும் அதே சாய்வில் வரும், தடிமன் எங்கும் 2.5 ஆகவே இருக்கும். மூலைகளை உருட்டுவது கடைசி வேலை.

இனி அந்தக் கேபிள் துளை. பக்கச் சுவரில் முழு வட்டமாக இருந்தால் அச்சு திறக்கும்போது அது தடுக்கும். அதற்கென்று பக்கவாட்டில் நகர்கிற ஸ்லைடர் போட வேண்டும். மழையில் நிற்கிற பெட்டி, தண்ணீர் புகாத கேபிள் கிளாண்டு வேண்டும் என்றால் ஸ்லைடர் போட்டே ஆக வேண்டும், அங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது. நம்முடையதோ அறைக்குள் இருக்கிற பெட்டி. ரப்பர் குரோமெட் போதும் என்பதால் துளையை விளிம்பு வரை திறந்த ஒரு கவிழ்த்த யு வடிவ வெட்டாக மாற்றிவிடலாம். பார்ட்டிங் லைன் விளிம்பில் ஓடிவந்து, வெட்டின் ஓரமாக ஏறி, வளைந்து, மறுபக்கம் இறங்கிவிடும்.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த வெட்டில் கோரின் இரும்பு சுவரைத் தாண்டி வந்து கேவிட்டியின் இரும்போடு நேரடியாக உரசி மூடுகிறது. இரும்பும் இரும்பும் இரண்டு டிகிரியில் உரசினால் ஒவ்வொரு ஷாட்டிலும் தேயும், சில காலத்தில் அங்கே பிசிறு வரும். அங்கே குறைந்தது மூன்று டிகிரி வேண்டும், ஐந்து இருந்தால் நிம்மதி. வெட்டைச் சுற்றி மட்டும் ஐந்து டிகிரி கொடுத்தால் என்ன என்று தோன்றும். கொடுத்தால் அந்த இடம் உள்ளே போய், அதற்கு மேலேயுள்ள சுவர் கூரை போல நீட்டிக்கொண்டு கேவிட்டியில் மாட்டும். அந்தக் குறுக்குச் சுவர் முழுவதையும் விளிம்பிலிருந்து உச்சி வரை ஐந்து டிகிரியில் சாய்ப்பதே வழி.

அப்போது ஒரு பக்கம் 3.94, மறுபக்கம் 1.57 போக, மேல்முகத்தின் நீளம் 154.5 ஆகிறது. இரண்டு ஓரத்திலும் 3 மி.மீ. உருட்டல் போனால் தட்டையான இடம் சுமார் 149 மி.மீ. அந்த 150 மி.மீ. ஸ்டிக்கரின் முனை வளைவில் ஏறி, நாளடைவில் எழும்பி உரியத் தொடங்கும். ஸ்டிக்கரை 145 ஆக்கிவிட்டால் முடிந்தது. ஆனால் இது அச்சகத்துக்குப் போகும் முன் தெரிய வேண்டிய விஷயம்.

உள்ளே இருக்கிற ரிப்புகளுக்கு இதே தாராளம் காட்ட முடியாது. வெளியே பள்ளம் விழாமலிருக்க ரிப்பின் அடித் தடிமன் சுவரில் சுமார் 60 சதவீதம், அதாவது 1.5 மி.மீ. இருந்தால் நல்லது. 30 மி.மீ. உயர ரிப்புக்கு இருபுறமும் ஒரு டிகிரி கொடுத்தால் நுனி 0.45 மி.மீ. ஆகிவிடும், பிளாஸ்டிக் அங்கே போய்ச் சேராது. அரை டிகிரியில் நுனி 0.98 கிடைக்கும், ஆனால் ரிப் கழல்வது கடினம். நான் இரண்டையும் விட்டுவிட்டு ரிப்பின் உயரத்தை 20 ஆகக் குறைப்பேன். முக்கால் டிகிரி கொடுத்தாலும் நுனி 0.98 நிற்கும்.

இதையெல்லாம் அச்சு வெட்டிய பிறகு செய்துகொள்ள முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. இரும்பை எடுப்பது எளிது, சேர்ப்பது வெல்டிங் வேலை. செங்குத்தான கோரை வெல்டிங் இல்லாமல் சாய்க்க வேண்டுமானால் அதன் உச்சிப் பக்கத்தை அரைக்க வேண்டும். அரைத்த இடத்தில் பிளாஸ்டிக் நிரம்பும். அதே இரண்டு டிகிரிக்கு, 2.5 இருந்த சுவர் உச்சியருகே 4 மி.மீ.யை நெருங்கிவிடும். ஆறும் நேரம் ஏறத்தாழ தடிமனின் வர்க்கத்தோடு கூடுகிறது என்பதால், அந்த இடம் ஆற இரண்டரை மடங்கு நேரமாகும். அதுவரை மெஷின் காத்திருக்க வேண்டும், ஒவ்வொரு மூடிக்கும்.

சாய்வு போதவில்லை என்பது முதல் டிரையலிலேயே தெரிந்துவிடும். வெளிச்சுவரில் கழலும் திசையிலேயே பளபளப்பான கீறல்கள் ஓடும். எஜெக்டர் பின் முட்டிய இடங்களில் ஏ.பி.எஸ். வெளுத்து வட்டம் வட்டமாகத் தெரியும். ஆபரேட்டர் சில ஷாட்டுக்கு ஒருமுறை சிலிக்கோன் ஸ்பிரே அடிக்க ஆரம்பித்துவிட்டார் என்றால் வேறு சாட்சியே வேண்டாம். அந்தச் சிலிக்கோன் மேல் ஸ்டிக்கரும் சரியாக ஒட்டாது, பெயின்ட்டும் பிடிக்காது.

இத்தனையையும் கணினித் திரையிலேயே பார்த்துவிடலாம். SolidWorks-இல் Draft Analysis என்று ஒரு வசதி இருக்கிறது. கேவிட்டி கழலும் திசையைக் காட்டி ஒரு டிகிரி என்று கொடுத்தால், அந்தத் திசையில் கழலும் முகங்கள் பச்சையாகவும், எதிர்த்திசையில் கழல்பவை சிவப்பாகவும், சாய்வு போதாதவை மஞ்சளாகவும் தெரியும். சிவப்பைப் பார்த்து இளைஞர்கள் பதறுகிறார்கள். மூடியின் உட்புறம் சிவப்பாக இருப்பதுதான் சரி, அது கோரின் பங்கு. பச்சை வெளிச்சுவரின் நடுவே சிவப்புத் துண்டு இருந்தால்தான் பிழை. பச்சையும் சிவப்பும் சந்திக்கிற கோடே உங்கள் பார்ட்டிங் லைன். அது விளிம்பை விட்டு ஏறி எங்கேயாவது அலைந்தால், அந்த இடத்தைத் திருத்துங்கள். முக்கால் டிகிரி ரிப்புகள் மஞ்சளாகத்தான் தெரியும். அவை நீங்கள் தெரிந்தே விட்டவை.

வடிவமைக்கிற தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். கோப்பை அனுப்பும்போது பார்ட்டிங் லைனை நீங்களே சிவப்புக் கோடாக வரைந்து காட்டுங்கள். எந்தத் தளத்தில் அளவு மாறக் கூடாது, டெக்ஸ்சரின் ஆழம் எவ்வளவு, பிசிறு எந்தப் பக்கம் வரவே கூடாது என்ற மூன்றையும் படத்தின் ஓரத்தில் எழுதுங்கள். டூல் ரூம் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு ஓர் இடத்தில் கோட்டை மாற்றச் சொன்னால், இரும்பு வாங்கும் முன்பே அவரோடு உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள்.